ஒரு வீடு, ஒரு கைபேசி, மூன்று பிள்ளைகள்: இணையவழிப் பாடத்தை எட்டு நிமிடத்துக்குள் திட்டமிடுதல்

2020 மார்ச் நடுப்பகுதியில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது இணையவழிக் கற்பித்தல் என்பது பெரும்பாலான ஆசிரியர்களுக்குப் புதிய விடயம். 2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோது அது பழகிய விடயமாகிவிட்டிருந்தது. ஆனால், இரண்டு தடவையும் பல பாடசாலைகளில் நடந்தது ஒன்றுதான். வகுப்பறையில் இருந்த நேரசூசி அப்படியே எடுக்கப்பட்டு ஸூமுக்கோ வட்ஸ்அப்புக்கோ மாற்றப்பட்டது. காலை எட்டு மணிக்குக் கணிதம், எட்டு நாற்பதுக்கு விஞ்ஞானம். அந்த நேரத்தில் வீட்டுக் கைபேசி யாருடைய கையில் இருந்தது என்ற கேள்வியை நேரசூசி கேட்கவில்லை.

குறைந்த வேக இணைப்பில், பகிரப்படும் கைபேசிக்குப் பாடம் திட்டமிடுகிறவர் முதலில் கேட்கவேண்டியது அந்தக் கேள்வியைத்தான். பாடவேளை 40 நிமிடமா 45 நிமிடமா என்பது இரண்டாம் பட்சம். ஒரு பாடத்துக்காக அந்தக் கைபேசி பிள்ளையின் கையில் எத்தனை நிமிடம் இருக்கும் என்பதே திட்டத்தின் அடிப்படை அளவு.

ஒரு தோட்டக் குடும்பத்தை உதாரணமாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். வீட்டில் இருப்பது ஒரு ஸ்மார்ட் கைபேசி. தாயோ தந்தையோ அதைக் காலையில் வேலைக்குக் கொண்டுபோய்விடுகிறார். மாலை ஆறு மணிக்கு அது வீட்டில் நிற்கிறது. ஒன்பது மணிக்கு எல்லோரும் படுத்துவிடுகிறார்கள். ஆக 180 நிமிடம். அதில் சொந்தக்காரரின் அழைப்புகள், கொழும்பில் வேலை செய்யும் அண்ணனுடன் பேசுவது, சார்ஜ் ஏற்றுவது என்று ஒரு மணித்தியாலம் போய்விடும். மிச்சம் 120 நிமிடம். படிக்கிற பிள்ளைகள் மூவர் என்றால் ஆளுக்கு 40 நிமிடம். அன்றைக்கு ஐந்து பாடங்களுக்கு வேலை வந்திருந்தால் ஒரு பாடத்துக்கு எட்டு நிமிடம்.

எட்டு நிமிடம் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். வன்னியில் தந்தை மட்டும் கைபேசி வைத்திருக்கிற வீட்டில் அது ஐந்தாகலாம். ஒரே பிள்ளையுள்ள வீட்டில் இருபதாகலாம். ஆனால், எங்கேயும் அது நாற்பதாக இராது. ஆகவே, 40 நிமிடப் பாடத்தைச் சுருக்குவது எப்படி என்று யோசிக்கவேண்டியதில்லை. பாடத்தின் எந்த எட்டு நிமிடத்துக்குக் கைபேசி கட்டாயம் தேவை, மிச்ச நேரத்தைக் கொப்பியும் பேனையும் வைத்து எப்படி நடத்தலாம் என்றுதான் யோசிக்கவேண்டும்.

வீட்டுக் கணக்கெடுப்பு

இதற்கு வகுப்பாசிரியர் ஒருமுறை கணக்கெடுக்கவேண்டும். நீண்ட படிவம் வேண்டாம். கைபேசி யாருடையது, அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், அதே கைபேசியில் படிக்கும் மற்றப் பிள்ளைகள் எந்தத் தரங்கள், என்ன டேட்டா பொதி போடுகிறார்கள், வீட்டுக்குள் சிக்னல் இருக்கிறதா அல்லது மேட்டுக்கு ஏறவேண்டுமா – இந்த ஐந்தும் போதும். இணையப் படிவத்தில் கேட்டால் இணைப்பு உள்ளவர்களே பதில் சொல்வார்கள், பட்டியல் பிழைத்துவிடும். சாதாரண அழைப்பில் கேட்பதே சரி.

டேட்டா பொதி பற்றிய கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முற்கொடுப்பனவு இணைப்பில் மலிவான சமூக ஊடகப் பொதி போட்டிருக்கும் வீட்டில் வட்ஸ்அப் வேலை செய்யும். ஆனால், ஆசிரியர் அதற்குள் அனுப்பும் கூகுள் டிரைவ் இணைப்போ கூகுள் படிவமோ திறக்காது, அல்லது பிரதான மீதியிலிருந்து காசு போகும். ஆசிரியரின் கண்ணுக்கு அது 'பாடம் அனுப்பியாயிற்று, பிள்ளை பார்க்கவில்லை' என்று தெரியும். பிள்ளைக்கோ அது சுற்றிக்கொண்டே நிற்கும் ஒரு வெள்ளைத் திரை. வகுப்பில் பாதிப் பேர் இப்படிப்பட்ட பொதியில் இருந்தால் பாடத்தின் எந்தப் பகுதியும் வட்ஸ்அப்புக்கு வெளியே இருக்கக்கூடாது.

எவ்வளவு டேட்டா போகிறது?

நேரலை வகுப்பின் செலவை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். நொடிக்கு 600 கிலோபிட் வேகத்தில் வீடியோ பெறும் கைபேசி 40 நிமிடத்தில் ஏறத்தாழ 180 மெகாபைட் இறக்கும். ஐந்து பாடம் என்றால் 900 மெகாபைட். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் 2.7 ஜிகாபைட். வீடியோவை நிறுத்திக் குரலை மட்டும் விட்டால், நொடிக்கு 80 கிலோபிட் என்று வைத்தாலும், அதே 40 நிமிடத்துக்கு 24 மெகாபைட்தான் போகும். ஆனால், இங்கே டேட்டாவைவிடப் பெரிய சிக்கல், அந்த 40 நிமிடமும் சிக்னல் அறாமல் நிற்கவேண்டும் என்பது.

பதிவுசெய்து அனுப்பும் பாடத்துக்கு அந்தத் தொடர்ச்சி தேவையில்லை. வட்ஸ்அப்பில் நான்கு நிமிடக் குரல் பதிவும், சாதாரணத் தரத்தில் அனுப்பிய ஒரு படமும் சேர்ந்து ஒரு மெகாபைட்டைச் சுற்றித்தான் வரும். சிக்னல் ஒரு நிமிடம் வந்துபோனாலே அது இறங்கிவிடும். இதில் ஆசிரியருக்கு உதவும் ஒரு நுணுக்கம் உண்டு. வட்ஸ்அப்பிலேயே மைக்கை அழுத்திப் பேசும் குரல் பதிவு தானாக இறங்கும். வேறு செயலியில் பதிவுசெய்து கோப்பாக இணைத்தால், கைபேசியின் அமைப்பைப் பொறுத்து, யாராவது விரலால் தொடும்வரை அது இறங்காமல் கிடக்கலாம். தந்தை மாலையில் டவுணைக் கடந்து வரும்போது பொக்கற்றுக்குள் இருக்கும் கைபேசியில் பாடம் இறங்கி, சிக்னல் இல்லாத வீட்டுக்கு அவருடனேயே வந்துசேரவேண்டும் என்றால் முதல் வழிதான் சரி. அதற்குப் பாடம் அவர் வேலை முடிந்து புறப்படுவதற்கு முன்னரே அனுப்பப்பட்டிருக்கவும் வேண்டும். இரவு எட்டு மணிக்கு அனுப்புகிற பாடம் அடுத்த நாள் மாலைதான் அந்த வீட்டுக்குப் போகும். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அப்படியான காலத்தில் ஒரு நாள் முந்தி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு பாடம்: முக்கோணியின் பரப்பளவு

இனி ஒரு பாடத்தை எடுத்துத் திட்டமிடுவோம். தரம் 8 கணிதம், முக்கோணியின் பரப்பளவு. நேரலையில் இதை நடத்தும் ஆசிரியர் திரையில் வரைந்து, சூத்திரம் எழுதி, இரண்டு கணக்குச் செய்வார். எட்டு நிமிடத் திட்டத்தில் பிள்ளையே தாளை வெட்டிச் சூத்திரத்துக்கு வந்துசேரவேண்டும். ஏனென்றால், விளக்கத்தைத் தாளும் செய்யலாம். கைபேசி செய்யவேண்டியது என்ன செய்வது என்று சொல்வது மட்டும்தான்.

பாடம் ஒரு பட அட்டையும் இரண்டு குரல் பதிவுகளும் கொண்டது. அட்டையில் இருப்பது இவ்வளவுதான்:

கணிதம் – தரம் 8 – பாடம் 14 – செவ்வாய்
1. கொப்பித் தாளில் 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலமுள்ள செவ்வகம் வெட்டுக.
2. மேல் நீளப் பக்கத்தில் இடது மூலையிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி இடுக.
3. புள்ளியைக் கீழ் மூலைகள் இரண்டுடனும் இணைத்து, அந்தக் கோடுகளில் வெட்டுக.
4. சிறிய இரண்டு துண்டுகளாலும் பெரிய முக்கோணியை மூடுக.
5. புள்ளி 3 செ.மீ. தூரத்தில் இருந்தால் என்ன ஆகும்? இன்னொரு தாளில் செய்க.
6. கேள்வி: ஒரு முக்கோணியின் அடி 12 செ.மீ., மற்ற இரு பக்கங்களும் 10 செ.மீ., செங்குத்துயரம் 8 செ.மீ. பரப்பளவு என்ன?

பிள்ளை இதைக் கொப்பியில் பார்த்தெழுத நான்கு நிமிடம் போதும். அதன் பிறகு படம் தேவையில்லை. அட்டை இதைவிட நீண்டால் பார்த்தெழுதவே எட்டு நிமிடமும் போய்விடும். பாடப்புத்தகத்தின் நான்கு பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவது வேலைக்காகாததற்குக் காரணம் இதுதான். புத்தகம் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது, பக்க இலக்கத்தைச் சொன்னால் போதும்.

முதல் குரல் பதிவு இரண்டு நிமிடம். தரம், பாடம், நாள் ஆகியவற்றைச் சொல்லித் தொடங்கவேண்டும், ஏனென்றால் அதே கைபேசியில் அக்காவின் வகுப்புப் பதிவும் தம்பியின் வகுப்புப் பதிவும் வரிசையாகக் கிடக்கும். பிறகு வெட்டும் முறை. தாளைக் கண்ணால் காட்டமுடியாத இடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்று ஆசிரியர் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். இந்தப் பாடத்தில் அது நான்காவது படி. பிள்ளை சிறிய துண்டை எடுத்து மறுபக்கமாகப் புரட்டினால் அது பெரிய முக்கோணியின்மேல் பொருந்தாது. மேசைமேல் வைத்தபடியே அரைச் சுற்றுச் சுழற்றினால் சரியாகப் பொருந்தும். 'புரட்டவேண்டாம், சுழற்றுங்கள், கோடு போட்ட பக்கம் மேலேயே இருக்கட்டும்' என்ற ஒரு வசனம் பதிவில் இல்லாவிட்டால் பாதி வகுப்பு அங்கே நின்றுவிடும். பாடத்தை அனுப்புமுன் ஆசிரியர் தானே தாளை வெட்டி, தன் பதிவை மட்டும் கேட்டுச் செய்துபார்த்தால் இத்தகைய இடங்கள் தெரியவரும்.

இரண்டாவது பதிவும் இரண்டு நிமிடம். சிறிய துண்டுகள் இரண்டும் பெரியதை மூடிவிட்டன என்றால் பெரியது முழுச் செவ்வகத்தின் அரைவாசி. செவ்வகம் 96 சதுர சென்ரிமீற்றர், முக்கோணி 48. புள்ளியை 3 சென்ரிமீற்றருக்கு நகர்த்தினாலும் துண்டுகளின் வடிவம் மாறும், அரைவாசி என்பது மாறாது. ஆகவே, அடியையும் செங்குத்துயரத்தையும் பெருக்கிப் பாதியாக்கவேண்டும். இந்தப் பதிவைப் பிள்ளை வெட்டி முடித்த பிறகு கேட்பதே நல்லது. கைபேசி ஒரே தடவைதான் கிடைக்கும் வீட்டில் இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டுப் போய் வெட்டலாம், கொப்பியில் படிகள் இருக்கின்றன. ஒரே நான்கு நிமிடப் பதிவாக அனுப்பாமல் இரண்டாகப் பிரிப்பதன் காரணம், தேவைப்பட்ட பகுதிக்கு மட்டும் திரும்பிப் போகலாம் என்பது.

விரிகோண முக்கோணியை இந்தப் பாடத்தில் சேர்க்கக்கூடாது. அதன் செங்குத்துயரம் உருவத்துக்கு வெளியே விழும். குரலால் மட்டும் அதை விளங்கவைக்க முயன்றால் அன்று புரிந்ததும் குழம்பும். அதற்குத் தனி அட்டை, தனி நாள்.

பதில் எப்படித் திரும்பி வரும்?

ஆறாவது கேள்விக்குப் பிள்ளை அனுப்பவேண்டியது ஓர் இலக்கம் மட்டும். டேட்டா முடிந்த கைபேசியிலிருந்தும் அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். கேள்வியில் 10 சென்ரிமீற்றர் பக்கம் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. 48 என்று அனுப்பிய பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. 96 என்று வந்தால் பாதியாக்க மறந்திருக்கிறது. 60 என்று வந்தால் செங்குத்துயரத்துக்குப் பதிலாகச் சரிந்த பக்கத்தை எடுத்திருக்கிறது. 120 என்றால் இரண்டு பிழையும் சேர்ந்திருக்கிறது. கொப்பிப் படங்கள் முப்பதைப் பெருப்பித்துப் பார்க்காமலே எந்தப் பிள்ளைக்கு என்ன பிழை என்று ஆசிரியர் பிரித்துவிடலாம். 60 அனுப்பியவர்களுக்கு அரை நிமிடப் பதிவு ஒன்று. 96 அனுப்பியவர்களுக்கு வேறொன்று. அடுத்த பாடத்தைத் தொடங்குமுன் இவ்வளவு போதும்.

எனது பார்வையில் இந்தக் கேள்வியைத் தயாரிப்பதுதான் முழுத் திட்டத்திலும் அதிக நேரம் எடுக்கவேண்டிய பகுதி. வழமையில் அதுதான் கடைசி நிமிடத்தில் எழுதப்படுகிறது.

பதில்கள் குழுவுக்கு வரக்கூடாது, ஆசிரியரின் தனி இலக்கத்துக்கு வரவேண்டும். குழுவில் முதலாவது பிள்ளை 96 என்று போட்டால் பின்னால் வரும் பன்னிரண்டு பேரும் 96 என்று போடுவார்கள், ஆசிரியருக்கு எதுவும் தெரியவராது. குழுவை நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுவது இன்னொரு வகையிலும் நல்லது. 'நன்றி மிஸ்', 'ஓகே சேர்', பூங்கொத்துப் படங்கள் என்று நாற்பது செய்திகளுக்கிடையே பாடத்தைத் தேட, இருக்கும் எட்டு நிமிடத்தில் இரண்டு போய்விடும். பெற்றோரின் இலக்கங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிகின்றன என்பதையும் மறக்கக்கூடாது. முகந்தெரியாத அழைப்புகள் பெண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு வந்தால், கைபேசியைப் பிள்ளைக்குக் கொடுப்பதையே பெற்றோர் நிறுத்திவிடக்கூடும். இதைத் தவிர்க்க வட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தலாம். ஆனால், ஆசிரியரின் இலக்கத்தைச் சேமித்து வைத்திருக்கும் கைபேசிகளுக்கு மட்டும்தான் அது போகும்.

கொப்பிப் படம் அறவே வேண்டாம் என்பதல்ல. 32 பேருள்ள வகுப்பில் வாரத்துக்கு எட்டுப் பேர் என்று சுழற்சியில் கேட்டால் மாதத்துக்கு ஒருமுறை எல்லோருடைய எழுத்தையும் பார்த்துவிடலாம்.

எப்படிப் பிழைக்கிறது?

மிகவும் ஏமாற்றும் அடையாளம் அந்த நீல நிறச் சரிக்குறி. பகிரப்படும் கைபேசியில் அது தாய் செய்தியைத் திறந்தார் என்பதை மட்டும் சொல்லும். பாடம் பிள்ளையிடம் போனதற்கு ஒரே சான்று வருகிற பதில். இரண்டு பாடங்களுக்குத் தொடர்ந்து பதில் வராத வீட்டுக்குச் சாதாரண அழைப்பு எடுக்கவேண்டும். குழுவில் பெயரைப் போட்டுக் கண்டிப்பதால் கைபேசி கிடைத்துவிடாது.

அடுத்தது எழுத்துரு. எங்கள் பாடசாலைகளில் வினாத்தாள்கள் இன்னமும் பாமினியில் தட்டச்சாகின்றன. அதை வேர்ட் கோப்பாக அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரியும். பிள்ளை அதைப் பழுதான கோப்பு என்று நினைத்து மூடிவிடும். பிடிஎஃப் ஆக மாற்றினால் எழுத்துரு உள்ளேயே சேர்ந்து போவதால் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும், கையால் பெரிதாக எழுதி, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் எடுத்த அரைப் பக்கப் படமே சின்னத் திரையில் நன்றாக வாசிக்கக்கூடியது. அனுப்புமுன் கைபேசியில் திறந்து, பெருப்பிக்காமல் வாசிக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும். படத்தை ஆவணமாக இணைத்தால் கமரா எடுத்த முழு அளவில், பல மெகாபைட்டாகப் போகும் என்பதையும் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர் தனியாகத் தீர்க்க முடியாதது. மேலே பார்த்த எட்டு நிமிடம், நாளுக்கு ஐந்து பாடம் என்ற கணக்கில் வந்தது. ஏழு ஆசிரியர்களும் ஒரே நாளில் பாடம் அனுப்பினால் அது ஆறுக்கும் கீழே இறங்கிவிடும், எவ்வளவு நன்றாகத் திட்டமிட்ட பாடமும் பாதியில் நிற்கும். ஒரு தரத்துக்கு நாளொன்றுக்கு மூன்று பாடங்கள்தான் என்று அதிபர் வரையறுத்தால் அதே கைபேசியில் ஒரு பாடத்துக்குப் பதின்மூன்று நிமிடம் கிடைக்கும். ஒரே பாடசாலையில் படிக்கும் சகோதரர்கள் அதிகமென்றால், தரம் 6, 8, 10 திங்கள், புதன், வெள்ளியிலும் மற்றத் தரங்கள் மிச்ச நாட்களிலும் என்று பிரிக்கலாம். எந்தத் தரங்களைச் சேர்ப்பது என்பதை வீட்டுக் கணக்கெடுப்புப் பட்டியலே காட்டும்.

நேரலைக்கும் ஓர் இடம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை, கைபேசி வீட்டில் நிற்கும் நேரத்தில், நான்கைந்து பேருடன் இருபது நிமிடக் குரல் அழைப்பு. புதுப் பாடம் நடத்துவதற்கு அல்ல, அந்த வாரம் 60 என்றும் 120 என்றும் அனுப்பிய பிள்ளைகள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அவர்கள் வாயால் சொல்லிக் கேட்பதற்கு. படங்கள் முன்னரே போய்ச் சேர்ந்திருப்பதால் கமராவோ திரைப் பகிர்வோ தேவையில்லை.

இந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எழுத்துக்கூட்டத் தொடங்கும் தரம் 1, 2 பிள்ளைகளுக்கு அட்டை பயன்படாது. அங்கே பாடம் உண்மையில் தாய்க்கோ அம்மம்மாவுக்கோதான் அனுப்பப்படுகிறது, பதிவில் அவர்களுடன்தான் பேசவேண்டும். ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் பதில் ஓர் இலக்கமாக இருக்க முடியாது, இருபது விநாடிக் குரல் பதிவாகத்தான் வரவேண்டும். விஞ்ஞான ஆய்வுகூடச் செயன்முறைகளில் வீட்டுப் பொருட்களால் செய்யக்கூடியவை போக, மிச்சத்தைப் பாடசாலை திறக்கும்வரை ஒத்திவைப்பதே நேர்மையானது.

கைபேசியே இல்லாத வீடும் வகுப்பில் இருக்கும். அட்டையில் உள்ள ஆறு வரிகளும் குரல் பதிவு இல்லாமலே செய்யக்கூடியவையாக எழுதப்படவேண்டும் என்பதற்கு இதுதான் முதல் காரணம். பக்கத்து லயத்தில் இருக்கும் வகுப்புத் தோழியின் கொப்பியைப் பார்த்து அந்தப் பிள்ளை எழுதிக்கொள்ளலாம், பதில் இலக்கத்தைத் தோழியின் கைபேசியிலிருந்தே தன் பெயருடன் அனுப்பலாம். 'சுழற்றுங்கள், புரட்டவேண்டாம்' என்ற வசனத்தையும் நான்காவது வரியிலேயே சேர்த்துவிடுவது அந்தப் பிள்ளைக்காகத்தான்.